பழக்கம் மட்டும் நினைவிருக்கிறது, பெயர் மறந்துவிட்டது: துப்பறிவாளர் தொடரைக் கண்டுபிடிக்கும் வழி

“ஒரு துப்பறிகிறவர் வருவார். மேசையில் எது கோணலாக இருந்தாலும் நேராக்கி வைப்பார். உட்காருவதற்கு முன்னால் நாற்காலியைக் கைக்குட்டையால் தட்டுவார். அது என்ன தொடர், தெரியுமா?”

எங்கள் புளோக்கின் ஏழாம் மாடியில் இருக்கும் அக்கா ஒருவர் மின்தூக்கிக்காகக் காத்திருந்தபோது என்னிடம் இப்படிக் கேட்டார். சமூக மன்ற வாசிப்புக் குழுவில் இதுபோன்ற கேள்விகளுக்கு விடை தேடித் தருவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. புதிதாக இதில் இறங்குகிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். பழக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். பழக்கம்தான் மனத்தில் நன்றாக ஒட்டிக்கொள்ளும், ஆனால் தேடுவதற்கு அது மோசமான நூல்முனை. காலமும் இடமும் தெரிந்த பிறகுதான் பழக்கத்தால் பயன் உண்டு. அக்காவின் கேள்வியையே எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம்.

## 1. தொடங்கும் முன்: ஒரு தாள், மூன்று காலங்கள்

ஒரு தாளை எடுத்து மூன்று பத்தியாகக் கோடு போடுங்கள். முதல் பத்தி, கேட்பவர் அந்தத் தொடரைச் சந்தித்த காலம். இரண்டாவது, தொடர் எடுக்கப்பட்ட அல்லது எழுதப்பட்ட காலம். மூன்றாவது, கதை நடக்கும் காலம்.

இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம். “பழைய தொடர்” என்று ஒருவர் சொன்னால் அது எந்தப் பழையது? ‘எண்டெவர்’ என்ற பிரிட்டிஷ் தொடர் 2012இல்தான் தொடங்கியது. கதையோ 1965இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆரம்பிக்கிறது. அதைப் போன வருடம் பார்த்தவரும் “அந்தக் காலத்துத் தொடர்” என்றுதான் சொல்வார். அதே நாயகனை நடுவயதில் காட்டும் ‘இன்ஸ்பெக்டர் மோர்ஸ்’ 1987இல் வந்தது. எடுத்த வரிசை ஒன்று, கதையின் வரிசை இன்னொன்று.

தாளின் ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள். எதிலும் பொருந்தாத தகவல்கள் அங்கே போகும். அவற்றை அடித்துவிடக் கூடாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

## 2. முதல் தடவை பேசவிடுங்கள், பெயர் எதையும் சொல்லாதீர்கள்

கேட்பவர் நினைவில் இருப்பதையெல்லாம் ஒருமுறை கொட்டட்டும். குறுக்கே பேசாமல் அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். “சுத்தக்காரர்” என்று அவர் சொன்னால் நீங்கள் “கிருமி பயம்” என்று எழுதக் கூடாது. இரண்டும் வேறு வேறு ஆள்களிடம் கொண்டுபோய் விடும்.

பெயரைச் சொல்லாமல் இருப்பதுதான் கடினம். பொருள்களை நேராக்குகிறவர் என்றதுமே நம் வாய்க்கு இரண்டு பெயர்கள் வந்து நிற்கும். ஒன்று அகதா கிறிஸ்டியின் பெல்ஜியத்துக்காரர் எர்க்யூல் புவாரோ. மற்றது சான் பிரான்சிஸ்கோவில் வேலை செய்யும் ஏட்ரியன் மாங்க். தப்பித்தவறி ஒரு பெயரைச் சொல்லிவிட்டால், கேட்பவரின் நினைவு அந்தப் பெயருக்கு ஏற்றபடி வளைய ஆரம்பிக்கும். நான் ஒருமுறை அவசரப்பட்டு “மாங்க்தானே?” என்று ஒருவரிடம் கேட்டுவிட்டேன். “ஆமாம் ஆமாம், அதேதான்” என்று போனவர், இரண்டு பகுதி பார்த்த பிறகு திரும்பி வந்து இது இல்லை என்றார். அதற்குள் அவருடைய பழைய நினைவோடு புதிதாகப் பார்த்ததும் கலந்துவிட்டது. அப்புறம் எதைக் கேட்டும் பயனில்லை.

விதிவிலக்கும் உண்டு. மொட்டைத் தலைப் போலீஸ்காரர் எப்போதும் குச்சி மிட்டாய் சப்பிக்கொண்டிருப்பார் என்றால் அது ‘கோஜாக்’தான், 1973 முதல் 1978 வரை வந்த நியூயார்க் தொடர். கேரட் கடித்துக்கொண்டே துப்பறிவார், இந்தி பேசுவார் என்றால் 1985இல் தூர்தர்ஷனில் வந்த ‘கரம்சந்த்’. இப்படி வேறு யாருக்கும் இல்லாத பழக்கமாக இருந்தால் நேரே விடைக்குப் போய்விடலாம். ஆனால் தேநீர், சுத்தம், புகைக்குழாய், குறுக்கெழுத்து, இசை போன்றவை பத்துப் பேருக்கு இருக்கும் பழக்கங்கள்.

## 3. எப்போது பார்த்தீர்கள்: ஆண்டைக் கேட்காதீர்கள், வீட்டைக் கேளுங்கள்

முதலில் முதல் பத்தியை நிரப்ப வேண்டும். காரணம் எளிது. ஒருவர் பார்த்த ஆண்டுக்குப் பிறகு எடுத்த எந்தத் தொடரும் விடையாக இருக்க முடியாது. ஒரே கேள்வியில் பாதிப் பட்டியல் காலியாகிவிடும்.

“எந்த வருடம்?” என்று கேட்டால் “எண்பதோ தொண்ணூறோ” என்றுதான் பதில் வரும். சிங்கப்பூரில் நாம் வீடு மாறியதும் பிள்ளைகளின் தேர்வும் நினைவில் அழுத்தமாக இருக்கும். அதனால் நான் இப்படிக் கேட்டேன்: “அப்போ எந்த வீட்டில் இருந்தீங்க அக்கா? கூட உட்கார்ந்து யார் பார்த்தது?”

அங் மோ கியோ வீட்டில் என்றார் அக்கா. மகன் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான், தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அவனோடு தினமும் சண்டை என்றும் சொன்னார். மகன் பிறந்தது 1982. பன்னிரண்டு வயதில் தேர்வு. ஆக, 1994.

‘மாங்க்’ தொடங்கியது 2002இல். அவர் போய்விட்டார். இதுவரை பழக்கத்தைப் பற்றி நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இந்தப் படியில் ஒரு பொறி இருக்கிறது. “கறுப்பு வெள்ளையில் பார்த்தேன்” என்று சிலர் சொல்வார்கள். சிங்கப்பூரில் வண்ண ஒளிபரப்பு 1974இல் வந்தது, அதனால் தொடர் அதற்கும் முந்தையது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒளிபரப்பு வண்ணமாக மாறிய அன்றே எல்லார் வீட்டுப் பெட்டியும் மாறிவிடவில்லை. “உங்கள் பெட்டியே கறுப்பு வெள்ளையா?” என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கேளுங்கள்.

## 4. கதை நடக்கும் காலம்: பொருள்களைக் கேளுங்கள், அதிலும் புதியதை

இனி மூன்றாம் பத்தி. “எந்தக் காலத்துக் கதை?” என்றால் யாராலும் சொல்ல முடியாது. “தொலைபேசி எப்படி இருந்தது?” என்றால் சொல்வார்கள். கார், விமானம், விளக்கு, ஆண்கள் தொப்பி போட்டிருந்தார்களா, பெண்களின் தலைமுடி எப்படி இருந்தது, இவற்றில் நாலைந்து கேட்டால் போதும்.

இங்கே ஒரு நுணுக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பழைய பொருள் எந்தக் காலத்தையும் நிரூபிக்காது. எந்தக் காலத்துக் கதையிலும் ஒரு பழைய கார் வரலாம். எழுபதுகளின் லாஸ் ஏஞ்சலஸில் நடக்கும் ‘கொலம்போ’வில் நாயகன் ஓட்டுவது அப்போதே பழசாகிப்போன பெஜோ 403. மோர்ஸ் வைத்திருந்த ஜாக்குவாரும் அறுபதுகளின் வண்டி. துப்பறிவாளர் பழைய காரில் வருகிறார் என்பது அவருடைய சுபாவத்தைக் காட்டலாம், காலத்தைக் காட்டாது.

ஆகவே நாயகனுடைய காரை விட்டுவிட்டு, தெருவில் பின்னால் போகும் கார்களைக் கேளுங்கள். கதையில் வந்த பொருள்களிலேயே மிகப் புதியது எது என்றும் கேளுங்கள். அந்தப் பொருள் உலகத்தில் வருவதற்கு முன்னால் கதை நடந்திருக்க முடியாது.

அக்காவின் பதில்: தெருவில் எல்லாக் காரும் பெரிய மூக்கு வைத்த கார், பக்கத்தில் ஏறுவதற்குப் பலகை இருக்கும். தொலைபேசியை ஒரு கையில் தூக்கி, காதில் வைப்பதை இன்னொரு கையில் பிடிப்பார்கள். ஆண்கள் எல்லாருக்கும் தொப்பி. விசிறி வைத்த விமானம் ஒன்று வந்தது. தொலைக்காட்சிப் பெட்டி எந்த வீட்டிலும் இல்லை. இருபதுகளின் கடைசியிலிருந்து முப்பதுகளுக்குள் என்று எழுதிக்கொண்டேன்.

## 5. எந்த ஊர்: நம் ஊரோடு ஒப்பிடச் சொல்லுங்கள்

“வெள்ளைக்காரர்கள் ஊர்” என்பதுதான் முதலில் கிடைக்கும் பதில். இங்கிலாந்தா அமெரிக்காவா என்று நேராகக் கேட்டால் ஊகித்துச் சொல்வார்கள், அந்த ஊகம் நம்மைக் கவிழ்த்துவிடும்.

நான் கேட்பது இது: “கார் நம்ம ஊர் மாதிரி ஓடியதா, வேறு பக்கமா?” சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் இடப்பக்கம்தான் ஓட்டுவார்கள். அமெரிக்கக் கதையைப் பார்த்தவருக்கு ஓட்டுநர் தப்பான பக்கத்தில் உட்கார்ந்திருப்பது கண்ணை உறுத்தியிருக்கும். “நம்ம மாதிரிதான், வித்தியாசமா ஒண்ணும் தெரியலையே” என்றார் அக்கா. இதையும் முழுதாக நம்பிவிடக் கூடாது, கதை பிரான்சுக்கோ எகிப்துக்கோ போயிருக்கலாம். ஆனால் சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டது.

அடுத்து, “அவர் வீடு எப்படி இருக்கும்?” என்று கேட்டேன். இதற்கு வந்த பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. “நம்ம தியோங் பாரு பழைய புளோக் இருக்கே, அந்த மாதிரி. வெள்ளையா, சுவர் வளைஞ்சு வளைஞ்சு போகும்.”

தியோங் பாருவின் பழைய அடுக்குமாடிகள் முப்பதுகளின் பிற்பாதியில் எழும்பத் தொடங்கின. முதல் புளோக் 1936இல் முடிந்தது. லண்டனில் சார்ட்டர்ஹவுஸ் சதுக்கத்தில் ஃப்ளோரின் கோர்ட் என்றொரு கட்டடம் இருக்கிறது, அதுவும் 1936இல் கட்டியது, முகப்பு அலைபோல வளையும். தொலைக்காட்சியில் புவாரோவின் வீடாகக் காட்டப்படுவது அந்தக் கட்டடம்தான். எனக்கு உள்ளூர விடை தெரிந்துவிட்டது. இருந்தும் வாயைத் திறக்கவில்லை. இந்த நிலையில்தான் ஆவலில் கெடுத்துக்கொள்வார்கள்.

கடைசியாக, “துப்பறிகிறவர் அந்த ஊர்க்காரரா?” என்றேன். “இல்லை, அவர் பிரெஞ்சுக்காரர்” என்றார். தாளில் அப்படியே எழுதினேன். புவாரோ பிரெஞ்சுக்காரர் அல்ல, பெல்ஜியத்துக்காரர். ஆனால் கதையில் வருகிறவர்கள் அவரைப் பிரெஞ்சுக்காரர் என்று சொல்வதும் அவர் திருத்துவதும் தீராத வேடிக்கை. தவறான தகவல் ஒன்று சரியான விடையை உறுதிப்படுத்துவது இப்படித்தான்.

இடத்தைக் கேட்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொன்று சொல்கிறேன். “தேநீர் குடித்துக்கொண்டே துப்பறிவார்” என்று ஒரு பெரியவர் கேட்டார். அவர் தமிழில், சிறு வயதில் படித்தவர் என்றால் தமிழ்வாணனின் சங்கர்லால் முதலில் நிற்பார். அவருடைய மகள் இதே கேள்வியைக் கேட்டு, செம்மண் பூமி, ஆப்பிரிக்க ஊர், பருமனான பெண்மணி என்று சேர்த்துச் சொன்னால் 1998இல் தொடங்கிய, போட்ஸ்வானாவில் நடக்கும் ரமோட்ஸ்வே கதைகள். அவர் குடிப்பது சிவப்புப் புதர்த் தேநீர். தேநீர் என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது.

காலம் உதவாமல் இடம் மட்டுமே காப்பாற்றும் சமயமும் வரும். கணக்குச் சூத்திரங்களை எழுதித் தள்ளிக் குற்றத்தைக் கண்டுபிடிக்கும் பேராசிரியர் என்றால், 2005இல் தொடங்கிய அமெரிக்கத் தொடர் ‘நம்பர்ஸ்’ இருக்கிறது, 2007இல் ஜப்பானில் வந்த ‘கலிலியோ’வும் இருக்கிறது. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே காலம். ஊர் லாஸ் ஏஞ்சலஸா தோக்கியோவா என்று கேட்டால் ஒரே விநாடியில் முடிந்தது.

## 6. இப்போது பழக்கத்துக்கு வாருங்கள்

முப்பதுகளின் இங்கிலாந்து, 1994க்குள் எடுத்த தொலைக்காட்சித் தொடர். இந்தக் கட்டத்துக்குள்ளும் புவாரோ தனியாக இல்லை. டாரதி சேயர்ஸின் பீட்டர் விம்சி கதைகள் எழுபதுகளிலும் 1987இலும் தொடராக வந்தன. ஆல்பர்ட் கேம்பியன் 1989இல் வந்தார். மூவருக்கும் ஒரே மாதிரி கார், ஒரே மாதிரி மாளிகை, ஒரே மாதிரி விருந்து. இந்தச் சின்னக் கூட்டத்துக்குள் பிரித்துக் காட்டத்தான் பழக்கம் தேவைப்படுகிறது.

பழக்கத்தை மூன்றாக உடைத்துக் கேளுங்கள். எப்போது செய்வார்? ஏன் செய்வார் என்று கதையில் சொன்னார்களா? பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்?

மூன்றாவதுதான் நல்ல கேள்வி, ஏனோ யாரும் கேட்பதில்லை. மாங்க் யாருக்காவது கை கொடுத்துவிட்டால், உதவிக்கு இருக்கும் பெண் உடனே ஈரத்தாளை எடுத்து நீட்டுவார். அது நோயாகக் காட்டப்படுகிறது, சுற்றியிருப்பவர்கள் பரிதாபமும் எரிச்சலுமாகப் பார்ப்பார்கள். புவாரோ மேசையில் இருப்பதை நேராக்கும்போது யாரும் உதவ மாட்டார்கள். அது அவருடைய மிடுக்கு, ஒழுங்கில் அவருக்கு இருக்கும் பெருமை. பல சமயம் நேராக்கிய அந்தப் பொருள்தான் துப்பாகவும் ஆகும்.

“அவருக்கு அது வியாதி மாதிரி இல்ல. மாப்பிள்ளை மாதிரி டிப்டாப்பா இருப்பார், அவ்வளவுதான்” என்றார் அக்கா. விம்சியும் மிடுக்கானவர்தான். ஆனால் அவருக்கு ஒற்றைக்கண்ணாடியும் பழைய புத்தகங்களும்தான் அடையாளம், மேசையை நேராக்கும் வேலை அவருக்கு இல்லை.

## 7. உறுதி செய்தல்: திறந்த கேள்வி, அப்புறம் எந்தப் புவாரோ

இந்த இடத்தில் “மீசை இருந்ததா?” என்று கேட்டால் பாடுபட்டதெல்லாம் வீண். “முகம் எப்படி?” என்று கேளுங்கள். “மீசையை மெழுகு போட்டு முறுக்கி வச்சிருப்பார். குள்ளம். சின்னச் சின்னதா அடி வச்சு நடப்பார்.” கேட்காமலே வந்த விவரத்துக்கு, கேட்டு வாங்கிய மூன்று விவரங்களின் எடை உண்டு.

கதாபாத்திரம் கிடைத்துவிட்டது, தொடர் இன்னும் கிடைக்கவில்லை. இதை மறந்துவிட்டுத் தவறான வட்டை வாங்கிப் போனவர்களை எனக்குத் தெரியும். பீட்டர் உஸ்தினோவ் புவாரோவாக நடித்த திரைப்படங்கள் 1978இலும் 1982இலும் வந்தன. அவர் 1985இலிருந்து தொலைக்காட்சிக்காக நடித்த படங்களில் கதையை எண்பதுகளுக்கே மாற்றிவிட்டார்கள். டேவிட் சூஷே நடித்த தொடர் 1989 முதல் 2013 வரை 70 பகுதிகளாக வந்தது. புத்தகங்கள் வெளிவந்தது 1920 முதல் 1975 வரை என்றாலும், அந்தத் தொடர் பெரும்பாலான கதைகளை முப்பதுகளிலேயே வைத்துக்கொண்டது. உஸ்தினோவ் பெரிய உடம்புக்காரர். அக்கா சொன்ன குள்ளமும் குறுநடையும் முப்பதுகளின் தெருவும் சேர்ந்தால் சூஷேதான். (1985 படத்தில் உஸ்தினோவுக்குப் பக்கத்தில் இன்ஸ்பெக்டர் ஜாப்பாக வருகிறவரும் இதே சூஷேதான். சில சமயம் முகம் நினைவிருந்தும் குழப்பம் வருவது இதனால்.)

அப்போதுதான் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினேன். ஒரே படத்தைக் காட்டாமல் விம்சி, உஸ்தினோவ், சூஷே மூவரையும் வரிசையாகக் காட்டினேன். அக்காவின் விரல் மூன்றாவது படத்தில் போய் நின்றது.

## 8. பொருந்தாத தகவலை என்ன செய்வது

ஓரத்தில் இடம் விடச் சொன்னேன் அல்லவா. அக்கா முதலிலேயே ஒன்று சொல்லியிருந்தார்: “தோட்டத்துல சுரைக்காய் மாதிரி ஏதோ வளர்த்துக் கோபத்துல தூக்கி எறிவார்.” புவாரோ வேலையிலிருந்து ஓய்வுபெற்று, கிராமத்தில் பூசணி இனக் காய் வளர்ப்பது ரோஜர் ஆக்ராய்ட் கதையில். அந்தப் பகுதி ஒளிபரப்பானது 2000இல். 1994இல் அக்கா அதைப் பார்த்திருக்க முடியாது.

புதிதாகச் செய்கிறவர் இங்கே இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்வார். ஆண்டு தப்பு என்று முழுக் கணக்கையும் கலைப்பார், அல்லது காய்க்கதை கற்பனை என்று தள்ளிவிடுவார். இரண்டும் வேண்டாம். நீண்ட காலம் ஓடிய தொடரைப் பார்ப்பவரின் நினைவில் பல ஆண்டுகள் ஒன்றாகப் படிந்திருக்கும். “அந்தக் காய்க்கதையைப் பார்த்தபோதும் அதே வீடா?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “இல்ல, அது செங்காங் வந்த பிறகு” என்றார். இரண்டு தகவலும் சரி, இரண்டு தடவை பார்த்திருக்கிறார்.

பொருந்தாத தகவல்கள் மூன்றுக்கு மேல் போனால் மட்டும் இரண்டு தொடர்கள் கலந்திருக்கின்றன என்று சந்தேகப்படுங்கள். தாளை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு தகவலுக்கும் “அது எந்த வீட்டில்?” என்று மறுபடி கேட்க வேண்டியதுதான்.

## 9. எங்கே சரிபார்ப்பது

தேசிய நூலக வாரியத்தின் பழைய செய்தித்தாள் தொகுப்பு `NewspaperSG` இதற்கு உதவும். நாளிதழ்களில் அச்சான தொலைக்காட்சி நிகழ்ச்சிப் பட்டியல்கள் அதில் இருக்கின்றன. தொடரின் பெயர் கையில் கிடைத்த பிறகு, முதல் பத்தியில் எழுதிய ஆண்டைச் சுற்றித் தேடுங்கள். பெயர் தெரியாமல் பழக்கத்தை மட்டும் தட்டித் தேடினால் எதுவும் வராது, பட்டியலில் பெயரும் நேரமும்தான் இருக்கும். பிற்காலத்து இதழ்கள் சிலவற்றை நூலகத்துக்கு நேரில் போய்த்தான் முழுதாகப் பார்க்க முடியும்.

வட்டையோ இணையத்தில் தொடரையோ தேடும்போது `Poirot` என்று மட்டும் தட்டினால் புத்தகங்களும் திரைப்படங்களும் கலந்து வரும். `Agatha Christie's Poirot` என்பதுதான் சூஷே தொடரின் பெயர், அதோடு `Suchet` என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கு அப்படித்தான் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் முதல் பகுதியைப் போடவில்லை, காய் எறியும் பகுதியைத்தான் முதலில் போடச் சொன்னார்.